வான் கட்டணத்தை ஓகஸ்ட்டில் பேசாதீர்கள்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரப் பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்களுக்கும், அந்த வீதியில் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வான்காரத் தம்பிமாருக்கும்,

வணக்கம். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் இரண்டு பிள்ளைகளும் தர்மபுரத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வானில்தான் போய்வருகிறார்கள். கணவரின் தம்பியும் அதே வீதியில் வான் ஓட்டுகிறார். ஆகவே மாதம் முடிய வரும் சண்டை எங்கள் வீட்டுக்குள் இரண்டு பக்கமாகவும் கேட்கும். இந்தப் பக்கம் "ஓடாத வானுக்கு என்னத்துக்குக் காசு?", அந்தப் பக்கம் "லீசிங்காரனுக்கு ஓகஸ்ட் இல்லையா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டுக்கும் ஓகஸ்ட்டில் பதில் தேடினால் கிடைக்காது. டிசம்பரில், அடுத்த ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே, ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டிய விடயம் இது. அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் கூட்டத்தில் வாசித்து, வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்.

முதலில் ஒன்று. எழுதாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. ஜனவரியில் "மாதம் இவ்வளவு, காலை ஆறரைக்குச் சந்தியில் நிற்கச் சொல்லுங்கோ" என்று வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான். இலங்கைச் சட்டத்தில் வாய்மொழி ஒப்பந்தத்தை வைத்து 3 வருடத்துக்குள்ளும், எழுத்து ஒப்பந்தத்தை வைத்து 6 வருடத்துக்குள்ளும் வழக்குப் போடலாம். நாங்கள் யாரும் வான் காசுக்காக நீதிமன்றம் போகப் போவதில்லை, அது வேறு கதை. சிக்கல் என்னவென்றால், வாயால் பேசியதில் விடுமுறை பற்றி ஒரு சொல்லும் இருக்காது. இல்லாத சொல்லை ஓகஸ்ட்டில் இரண்டு பேரும் தங்கள் தங்கள் வசதிக்கு நிரப்புகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கணவரின் தம்பியின் கொப்பியைப் பார்த்து, இலக்கங்களை வட்டமாக்கி ஒரு மாதிரி வான் செய்துகொண்டேன். உங்கள் வானின் இலக்கங்கள் வேறாக இருக்கும். அவற்றைப் போட்டுப் பாருங்கள், வழி ஒன்றுதான்.

வானில் 14 பிள்ளைகள். தர்மபுரம் உள் வீதிகளில் ஏற்றி, முரசுமோட்டை, பரந்தன், கரடிப்போக்குச் சந்தி வழியாகக் கிளிநொச்சி. பகலில் வான் நகரிலேயே நிற்கிறது, பாடசாலை விட்டதும் அதே வழியில் திரும்புகிறது. உள் வீதிச் சுற்றுகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 6 லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் நாளுக்கு 1,800. வருடத்தில் 190 நாள் பாடசாலை நடந்தால் டீசலுக்கு 3,42,000 ரூபா. டயர், எண்ணெய், சேவிஸ், கிரவல் வீதி தின்னும் புஷ், ஷொக் எல்லாவற்றுக்கும் கிலோமீற்றருக்கு 20 ரூபா போட்டால் இன்னொரு 2,28,000. ஆக, வான் ஓடினால் மட்டும் வரும் செலவு வருடத்துக்கு 5,70,000.

ஓடினாலும் நின்றாலும் வரும் செலவு வேறு. லீசிங் தவணை மாதம் 45,000, வருடத்துக்கு 5,40,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் 90,000. சாரதி தன் வீட்டுக்கு எடுக்கும் சம்பளம் மாதம் 40,000 என்றால் 4,80,000. மொத்தம் 11,10,000. இதை 12 ஆல் பிரித்தால் மாதம் 92,500 ரூபா. வான் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நின்றாலும் இந்தக் காசு போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு 16,80,000. 14 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,20,000.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வருடம் 1,20,000 என்பது மாறாது. அதை எப்படி வெட்டி வாங்குவது என்பதுதான் பேச்சு. பன்னிரண்டு மாதமும் முழுக் கட்டணம் என்றால் மாதம் 10,000. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மூன்றையும் விடுமுறை மாதமாக எடுத்து அந்த மாதங்களுக்குக் காசே இல்லை என்றால், மிகுதி ஒன்பது மாதமும் 13,333. மூன்று மாதமும் அரைக் கட்டணம் என்றால், ஏறக்குறையப் பாடசாலை மாதத்துக்கு 11,400, விடுமுறை மாதத்துக்கு 5,700. "எங்கள் வானில் விடுமுறைக்குக் காசு இல்லை" என்று சொல்லும் வான்காரர் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காசு மற்ற மாதங்களுக்குள் போயிருக்கிறது, அல்லது அவர் டயரை மொட்டையாகும் வரை ஓட்டுகிறார்.

தொகை ஒன்றென்றால் எந்த முறை என்பதில் என்ன வித்தியாசம்? வித்தியாசம் யாருக்கு எப்போது கை கடிக்கும் என்பதில் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் முழுக் கட்டணம் வாங்கும் வானில் ஜூலை முடியச் சில பெற்றோர் "பிள்ளையை நிற்பாட்டுறம்" என்பார்கள். செப்டெம்பரில் திரும்பி வருவார்கள். 10,000 மிச்சம். ஐந்து பேர் இப்படிச் செய்தால் 50,000 ரூபா குறையும், லீசிங் தவணையே 45,000. விடுமுறைக்குக் காசே இல்லாத வானில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. ஆனால் அங்கே வான்காரர் பாடசாலை மாதங்களில் மாதத்துக்கு 30,000 ரூபாவுக்கு மேல் ஒதுக்கி வைக்க வேண்டும். ஒதுக்குகிறாரா? ஒரு கல்யாண வீடு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அது போய்விடும். பிறகு ஓகஸ்ட்டில் லீசிங் காசு தட்டுப்பட்டு, வானை வேறு ஓட்டத்துக்கு விட்டு, செப்டெம்பரில் பிள்ளைகளுக்கு வான் இல்லை. பெற்றோருக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. வயலை நம்பிய வீட்டில் மாதம் 13,333 என்பது 10,000 போல் அல்ல. காலபோகம் விதைத்த நேரத்தில் அந்த 3,333 உரத்துக்குப் போக வேண்டிய காசு.

அரைக் கட்டணம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. விடுமுறை மாதத்தில் 14 பிள்ளைகளிடம் இருந்து 79,800 வரும். நிற்கும் செலவு 92,500. குறைவது 12,700 மட்டும், அதைப் பாடசாலை மாதங்களில் மிஞ்சும் சிறு தொகை ஏறக்குறைய மூடிவிடும். பெற்றோருக்கும் ஓடாத வானுக்கு முழுக்காசு கொடுத்த மனவருத்தம் இல்லை. ஆசனம் தங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது, அதற்குக் கொடுக்கும் காசு இது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எது விடுமுறை மாதம் என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். 2020 க்குப் பிறகு தவணைகள் இடம்மாறித் திரிகின்றன. உயர்தரப் பரீட்சைக்கும் சாதாரணதரப் பரீட்சைக்கும் பரீட்சை நிலையமாகும் பாடசாலைகள் தனியாக மூடப்படுகின்றன. ஒரே வானில் மூன்று பாடசாலைப் பிள்ளைகள் ஏறும்போது ஒருவருக்கு விடுமுறை, மற்றவருக்குப் பாடசாலை. ஆகவே கல்வி அமைச்சின் தவணை அட்டவணை வந்தவுடன், அந்த ஆண்டின் அரைக்கட்டண மாதங்கள் எவை என்று தாளின் அடியில் எழுதி இருவரும் குறுங்கையொப்பம் வைத்தால் போதும். விடுமுறைக்குள் ஏ.எல். பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றுவது தனி ஓட்டம், தனிக் காசு. அந்த மாதம் அரைக் கட்டணமும் உண்டு என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இரண்டையும் கலந்தால் குழப்பம்தான்.

இதுவரை பேசியது தெரிந்த விடுமுறை. தெரியாமல் வருவது வேறு. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் நாடு முழுதும் பாடசாலை மூடியது, 2022 நடுப்பகுதியில் டீசல் இல்லாமல் மூடியது, இரண்டுக்கும் எந்த வான் ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருந்ததில்லை. மேலே போட்ட கணக்கில் வான் ஓடாத ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளைக்கு மிஞ்சும் செலவு ஏறக்குறைய 214 ரூபா. ஐந்து நாள் வெள்ளத்துக்கு 1,070. இதற்காகக் கணக்குப் பார்த்து முகத்தை முறிக்க வேண்டாம். தொடர்ந்து ஐந்து பாடசாலை நாள் வரை மூடினால் கட்டணம் மாறாது என்று எழுதலாம். அதற்கு மேல் போனால் ஆறாம் நாளில் இருந்து நாளுக்கு 200 ரூபா கழிவு. இரண்டு கிழமையைத் தாண்டினால் விடுமுறை மாதம் போல அரைக் கட்டணக் கணக்கு. இரண்டு மாதத்தைத் தாண்டினால் எவரும் முன்னறிவித்தல் இல்லாமல் விலகலாம், சேரும்போது கொடுத்த வைப்புக் காசும் திரும்ப வரும். அவ்வளவு காலம் ஓடாத வானின் லீசிங் சுமையைப் பெற்றோரின் தலையில் வைக்க முடியாது. அது வான்காரர் லீசிங் கம்பனியோடு பேச வேண்டிய விடயம்.

வான் பழுதாகி ஓடாவிட்டால் கணக்கு வேறு. பாடசாலை நடக்கிறது, வான் வரவில்லை என்றால் மாற்று வாகனம் விடுவது உரிமையாளர் பொறுப்பு. விடாவிட்டால் மாதக் கட்டணத்தை அந்த மாதத்துப் பாடசாலை நாட்களால் பிரித்து, நாளுக்கான தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 20 நாள் பாடசாலை நடந்த மாதத்தில் 11,400 என்றால் நாளுக்கு 570. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நின்றால் கழிவு இல்லை. அந்த நாளும் வான் வாசலைத் தாண்டித்தான் போகிறது.

இனி விலகுவது பற்றி. விடுமுறைக் கட்டணமும் விலகலும் ஒரே முடிச்சு. ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதில் ஓட்டை விழும். பொதுவாக எழுதுவது "ஒரு மாத முன்னறிவித்தல்" என்பது. இரண்டாம் தவணை ஓகஸ்ட் முதல் கிழமையில் முடிகிறது என்று வைப்போம். ஜூலை கடைசியில் பெற்றோர் முன்னறிவித்தல் கொடுக்கிறார். அந்த ஒரு மாதத்தின் பெரும்பகுதி விடுமுறைக்குள்ளேயே ஓடி முடிகிறது. செப்டெம்பரில் ஆசனம் காலி. வீடு வீடாகப் போய்ப் புதிய பிள்ளை தேட வான்காரருக்குச் சில பாடசாலை நாட்கள்தான் கிடைக்கின்றன. இதையே வான்காரர் செய்யும்போது பெற்றோர் மாட்டுவார்கள். விசுவமடுவில் இருந்து கூடக் காசு தரும் இரண்டு பிள்ளைகள் கிடைத்தால், டிசம்பர் விடுமுறையில் "ஜனவரியில் இருந்து உங்கள் பக்கம் வரமாட்டன்" என்று ஒரு குறுந்தகவல். ஜனவரி முதல் கிழமையில் எந்த வானில் இடம் இருக்கும்?

ஆகவே முன்னறிவித்தலை மாதத்தில் எண்ணாமல் பாடசாலை நாளில் எண்ணுங்கள். 20 பாடசாலை நாட்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு. தவணை முடிவோடு விலகப் போகிறவர் தவணையின் கடைசி நாளுக்கு 20 பாடசாலை நாட்களுக்கு முன் எழுத்தில் சொன்னால், விடுமுறை மாதக் காசும் இல்லை, வேறு எந்தக் காசும் இல்லை. பிந்திச் சொன்னால், குறைந்த நாட்களுக்கு மட்டும் நாளுக்கான தொகை. தவணை முடிய ஐந்து நாள் இருக்கும்போது சொன்ன பெற்றோருக்கு 15 நாள் குறைகிறது. 15 ஐ 570 ஆல் பெருக்கினால் 8,550. சேரும்போது ஒரு பாடசாலை மாதக் கட்டணத்தை, 11,400 ஐ, வைப்பாகக் கொடுத்திருந்தால் அதில் 8,550 கழித்து 2,850 திரும்ப வரும். சத்தம் போட ஒன்றுமில்லை. ஆனால் செப்டெம்பரில் அதே பிள்ளை அதே வானுக்குத் திரும்ப வந்தால், ஓகஸ்ட் அரைக் கட்டணத்தைக் கட்டித்தான் ஏற வேண்டும். ஆசனம் இருந்தால்தான் அதுவும்.

வான்காரர் பிந்திச் சொன்னாலும் இதே கணக்கு. வைப்பு முழுதும் திரும்பக் கொடுத்து, குறைந்த நாட்களுக்கு 570 வீதம் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும். தம்பிமார் இதைக் கேட்டு முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் வான் விபத்தில் உடைந்தோ சாரதி படுக்கையில் விழுந்தோ நிற்பதற்கு இது பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள். இந்த விதி தடுப்பது ஒன்றைத்தான்: கூடக் காசு தரும் பிள்ளைக்காக இருக்கும் பிள்ளையை இடையில் இறக்குவதை. இன்னொன்று, தவணை நடுவில் வான்காரர் விலகக் கூடாது, தவணை முடிவில் மட்டும்தான். பெற்றோர் இடம் மாறிப் போனால் நடுவில் விலகலாம். புதுக்குடியிருப்புக்கு மாற்றலாகும் அரச உத்தியோகத்தர் தவணை முடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வைப்புக் காசு பற்றி ஒரு சொல். அதை "திரும்பக் கொடுக்கும் பணம்" என்று எழுதினால் கடைசியில் திரும்ப வராது. எங்கள் ஊரில் யாரிடமும் பதினாலு பேரின் வைப்பு பெட்டிக்குள் இருப்பதில்லை, ஜனவரியிலேயே அது காப்புறுதிக்குப் போய்விடும். "கடைசிப் பாடசாலை மாதத்துக் கட்டணம்" என்று எழுதுங்கள். முறையாகச் சொல்லி விலகும் பிள்ளை கடைசி மாதம் காசில்லாமல் ஓடிவிடும். கைமாற வேண்டிய காசு இல்லை.

முன்னறிவித்தலே இல்லாமல் அந்த நாளே முடிக்கக் கூடிய காரணங்களும் உண்டு. அவற்றைக் குறைவாக வைத்து, தெளிவாக எழுத வேண்டும். பெற்றோர் பக்கத்தில்: சாரதி குடித்துவிட்டு ஓட்டியது, பிள்ளையை அடித்தது, பிள்ளையை வழியில் தனியே விட்டுப் போனது, பெற்றோருக்குத் தெரியாமல் வேறு ஆளிடம் வானைக் கொடுத்தது, சாரதி அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ இல்லாமல் ஓடியது. வான்காரர் பக்கத்தில்: இரண்டு மாதக் கட்டணம் பாக்கியாகி, எழுத்தில் கேட்டும் ஏழு நாளுக்குள் கட்டாதது. ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் ஏற்றிய பிள்ளையைப் பின்னேரம் வீட்டு வாசலில் இறக்காமல் எந்த ஒப்பந்தமும் முடியாது. பாக்கிக்காகப் பிள்ளையைச் சந்தியில் இறக்குவதும், "உங்கட அப்பா காசு தரேல்லை" என்று மற்றப் பிள்ளைகள் கேட்கச் சொல்வதும் இருக்கவே கூடாது. அப்படிச் சொன்ன வானில் ஏற மறுத்து அழுத ஆறாம் ஆண்டுப் பிள்ளையை எனக்குத் தெரியும். காசு பெரியவர்களுக்கு இடையில் உள்ளது.

பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "தர்மபுரம் – கிளிநொச்சி" என்று எழுதினால் அது பாதையல்ல. ஏற்றும் இடங்களை வரிசையாக, நேரத்தோடு எழுதுங்கள். வான் ஐந்து நிமிடம் பிந்தலாம், பிள்ளைக்காக இரண்டு நிமிடம் காத்திருக்கும், அதற்கு மேல் காத்திருக்காது. முதல் பிள்ளையை எத்தனை மணிக்கு முன் ஏற்றக் கூடாது என்ற எல்லையும் தேவை. ஆண்டு நடுவில் ஒரு புதிய பிள்ளை உள் வீதியில் சேர்ந்தால் முதல் பிள்ளை கால் மணி முந்தி எழும்ப வேண்டி வருகிறது, யாரும் அவளிடம் கேட்பதில்லை. ஆறு பத்துக்கு முன் ஏற்றுவதில்லை என்று எழுதியிருந்தால் வான்காரரே புதிய பிள்ளையை யோசித்துத்தான் சேர்ப்பார்.

பிள்ளைகளின் எண்ணிக்கையும் பாதையோடு சேர்ந்த விடயம். கட்டணக் கணக்கு 14 பிள்ளைகளுக்குப் போட்டது. அதே வானில் 18 பேரை, எஞ்சின் பெட்டியிலும் கதவோரத்திலும் இருத்தினால், பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே பிழைக்கிறது. ஆசன எண்ணிக்கைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். எண் இல்லாமல் "அளவோடு" என்று எழுதினால் அந்த அளவு மாதத்துக்கு மாதம் வளரும்.

மாரியில் கிரவல் வீதி தண்ணீருக்குள் போகும்போது, ஏற்றும் இடம் தற்காலிகமாகப் பிரதான வீதிச் சந்திக்கு மாறும் என்று எழுதிவையுங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் வான்காரர் அறிவிக்க வேண்டும். மதகுக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது "நேற்றும் தாண்டினனான்" என்ற துணிவுக்கு இடமில்லை. அந்த இடத்தில் வானைத் திருப்புவது சாரதியின் முடிவு, அதற்காகப் பெற்றோர் அவரோடு சண்டை பிடிக்கக் கூடாது.

சாரதியின் நடத்தை பற்றிப் பல ஒப்பந்தங்களில் "ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்து எவரையும் ஒன்றும் கேட்க முடியாது. பார்த்துச் சொல்லக் கூடிய செயல்களை எழுதுங்கள். ஓடும்போது கையில் தொலைபேசி இல்லை. கதவு பூட்டாமல் வான் அசையாது. வீதியின் எதிர்ப்பக்கத்து வீட்டுப் பிள்ளையை உதவியாளர் கையைப் பிடித்து வீதியைக் கடக்க வைக்க வேண்டும், ஏ9 வீதியிலும் பரந்தன் வீதியிலும் பாரவூர்தி வரும் வேகத்தில் இதுதான் முதல் விதி. உதவியாளர் இல்லாத வானென்றால் பிள்ளையின் வீட்டுப் பக்கத்திலேயே இறக்கும்படி பாதையை மாற்ற வேண்டும். பின்னால் எடுப்பதற்கு முன் இறங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இறங்கிய பிள்ளை கண்ணாடியில் தெரியாத உயரம். காவலாளி இல்லாத புகையிரதக் கடவையில் நின்று, பாட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்ட வேண்டும்.

இறக்கும் ஒழுங்கும் முக்கியம். கடைசியாக ஒரு பிள்ளை மட்டும் சாரதியோடு தனியே வரும்படி ஒழுங்கு இருக்கக் கூடாது. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து இறங்கலாம், அல்லது கடைசிப் பிள்ளையின் வீட்டில் இருந்து ஒருவர் முந்திய நிறுத்தத்துக்கு வரலாம். நல்ல சாரதிக்கும் இது பாதுகாப்புத்தான். பிள்ளையிடம் தவறாக நடந்தான் என்ற சந்தேகம் வந்தால் அது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கும் விடயமே அல்ல. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 க்கோ பொலிசின் 119 க்கோ அன்றே எடுங்கள். "எங்கட ஆள்தானே, கூப்பிட்டுக் கதைப்பம்" என்று சங்கத்துக்குள் வைத்து முடிக்கப் பார்க்காதீர்கள்.

மாற்றுச் சாரதி எல்லா வானிலும் ஒரு நாள் வருவார். அவரின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் ஜனவரியிலேயே தாளில் எழுதி வாங்கினால், யாரோ ஒரு தெரியாத பொடியன் கதவைத் திறக்கும் காலை வராது.

காப்புறுதியில் ஒரு பொறி இருக்கிறது. பெற்றோர் கேட்டால் வான்காரர் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டுவார், திகதி சரியாக இருக்கும். திகதியோடு நிற்க வேண்டாம். வாகனம் எந்தப் பாவனைக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது என்ற வரியையும் பாருங்கள். சொந்தப் பாவனைக்கு என்று கட்டுக்காசு குறைத்துக் கட்டியிருந்தால், காசு வாங்கி ஆட்களை ஏற்றும்போது நடந்த விபத்துக்கு நட்டஈடு தரக் கம்பனி மறுக்க இடமிருக்கிறது. வாடகைக்கு ஆட்களை ஏற்றும் பாவனை என்று மாற்றினால் கட்டுக்காசு கூடும். கூடும் தொகையை மேலே சொன்ன நிற்கும் செலவில் சேர்த்து, 14 ஆல் பிரித்து, பெற்றோரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள் தம்பிமாரே. பதினாலு வீட்டுக்குப் பிரித்தால் அது பெரிய காசாக வராது. சில தாள்களில் "விபத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல" என்று ஒரு வரியும் கண்டிருக்கிறேன். கவனயீனத்தால் வரும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை இப்படி ஒரு வரியால் கழற்றிவிட 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

சங்கங்களிடம் நான் கேட்பது மூன்று காரியங்கள். டிசம்பர் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வான்காரரிடமும் மேலே போட்டது போன்ற கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். டீசல் விலை நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ கட்டணத்தில் டீசல் பங்கு மட்டும் மாறும் என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். மேலேயுள்ள வானில் 10 வீத ஏற்றம் என்பது வருடத்துக்கு 34,200, ஒரு பிள்ளைக்குப் பாடசாலை மாதத்துக்கு 270 ரூபா அளவில் வரும். டீசல் விலை ஏறியது என்று சொல்லி 1,500 கேட்டால் அப்போது கேள்வி கேட்கலாம். விலை இறங்கும்போதும் யாராவது அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒப்பந்தத்தில் சங்கம் ஒரு பக்கமாகக் கையொப்பமிட வேண்டாம். அது பெற்றோருக்கும் வான்காரருக்கும் இடையிலானது. சங்கம் ஒரு பிரதியை வைத்திருந்தால் போதும். பிணக்கு வந்தால் முதலில் சங்கத்தில் இருந்து ஒருவரும் வான்காரர் பக்கத்தில் இருந்து ஒருவரும் இருந்து பேசுவது, தீராவிட்டால் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோவது என்று எழுதுங்கள். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. தாள் கையில் இருந்தால் பேச்சு அரைவாசி நேரத்தில் முடியும்.

மூன்றாவது, சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள். பரீட்சை முடிந்ததும் அவர்கள் வானை விட்டு இறங்கிவிடுவார்கள். அது விலகல் அல்ல, எல்லோருக்கும் முன்பே தெரிந்த முடிவு. அவர்களின் ஒப்பந்தத்தில் முடியும் திகதியைப் பரீட்சையின் கடைசி நாள் என்று எழுதிவிட்டால் முன்னறிவித்தலும் தேவையில்லை, வைப்பு கடைசி மாதத்துக்குக் கழிந்துவிடும். பரீட்சை நாட்களில் பரீட்சை நிலையம் வேறு பாடசாலையாக இருந்தால் அங்கே கொண்டுபோய் விடுவது கட்டணத்துக்குள் அடங்குமா, தனிக் காசா என்பதையும் இப்போதே கேட்டு எழுதுங்கள். போன முறை எங்கள் வானில் அதை அனுமதி அட்டை வந்த பிறகுதான் பேசினோம்.

இப்படிக்கு,
இரண்டு வான் பிள்ளைகளின் தாய், தர்மபுரம்